நான்கு சீர் இருந்தால் வெண்பா ஆகிவிடுமா?

யாப்புத் தாளில் ஒரு பாடலைக் கொடுத்து 'அலகிட்டுப் பா வகையைச் சுட்டுக' என்று கேட்டால், பலரும் சீரை மட்டும் எண்ணிவிட்டு விடை எழுதிவிடுகிறார்கள். கம்பன் விழா பார்த்து வளர்ந்த காரைக்குடிப் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் இன்னும் கூடுதல். காதில் விழுந்ததெல்லாம் விருத்தம். அறுசீரா எழுசீரா என்று எண்ணினாலே பாதி வேலை முடிந்துவிடும். வெண்பாவில் அந்த வித்தை பலிக்காது. ஆசிரியப்பாவுக்கும் அடிக்கு நான்கு சீர்தானே!

எங்களுக்கு யாப்பு நடத்திய ஐயா பாட நூல் எடுத்துக்காட்டுகளை ஒதுக்கிவிட்டு, ஊரையே பாட்டாக்கித் தருவார். ஆயிரம் ஜன்னல் வீட்டை வைத்து அந்த வழியில் ஒரு குறள் வெண்பா கட்டிப் பார்க்கலாம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பது செட்டிநாட்டு வீடுகளில் வழக்கம்தானே.

ஆயிரம் சன்னல் அமைத்திட்ட வீட்டுக்கு
வாயில் இருதெருவில் உண்டு

முதல் சீரிலேயே ஒரு பொறி இருக்கிறது. 'ஆயிரம்' என்பதை ஆயி/ரம் என்று பிரிக்கக் கை தானாகப் போகும். நெடில் தனக்குப் பின்வரும் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளாது. ஒற்று வந்தால் மட்டும் சேரும். ஆகவே ஆ/யிரம், நேர் நிரை, கூவிளம். அடுத்து சன்/னல், நேர் நேர், தேமா. அமைத்/திட்/ட, நிரை நேர் நேர், புளிமாங்காய். வீட்/டுக்/கு, மூன்றும் நேர், தேமாங்காய். இரண்டாம் அடியில் வா/யில் தேமா, இரு/தெரு/வில் கருவிளங்காய்.

கடைசிச் சீரான 'உண்டு' என்பதை நேர் நேர், தேமா என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகத்தான் முடியும். உண்டு என்பதில் நேரசைக்குப் பின் குற்றியலுகரம் நிற்பதால் அது நேர்பு, வாய்பாடு காசு. அதே இடத்தில் 'பசு' என்று வந்திருந்தால் இரண்டு குறில் சேர்ந்த நிரையசை, வாய்பாடு மலர். அந்த உகரம் குற்றியலுகரம் இல்லை. 'உ'வில் முடிகிறதே என்று காசு, பிறப்பு போட்டுவிடக் கூடாது.

இனித்தான் வெண்பாவா என்ற கேள்வி. சீர்களுக்கு நடுவே உள்ள இணைப்பை, அதாவது தளையைப் பார்க்க வேண்டும். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர், இந்த மூன்றும்தான் வெண்டளை. கூவிளத்தை அடுத்து 'சன்' நேர், சரி. தேமாவை அடுத்து 'அமைத்' நிரை, சரி. புளிமாங்காயை அடுத்து 'வீட்' நேர், சரி. அடி முடிந்ததே என்று இங்கே நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்கு என்ற காய்க்கும் அடுத்த அடியின் 'வா'வுக்கும் இடையிலும் தளை உண்டு, அதுவும் சரி. வாயில், இருதெருவில், உண்டு என்று மீதியும் ஒத்துப்போகிறது.

இப்போது 'அமைத்திட்ட' என்பதை எடுத்துவிட்டுக் 'கொண்ட' என்று போடுங்கள். பொருள் மாறவில்லை, சீர் நான்குதான், காதுக்கும் உறுத்தவில்லை. ஆனால் சன்னல் கொண்ட, கொண்ட வீட்டுக்கு என்ற இரண்டு இடத்திலும் மா முன் நேர் வந்துவிட்டது. அது நேரொன்றாசிரியத்தளை, வெண்பா குலைந்தது. 'அமைத்திட்ட' என்பதை விட்டுவைத்து, வீட்டுக்குப் பதில் 'மனைகட்கு' என்று மாற்றினால் காய் முன் நிரை, அதாவது கலித்தளை. அப்போதும் வெண்பா போச்சு.

இதில் ஒருபக்கத் தீர்ப்பு ஒன்று உண்டு. வெண்பாவுக்குள் வேற்றுத் தளை ஒன்றுகூட நுழையக் கூடாது. ஆசிரியப்பாவுக்குள்ளோ வெண்டளை கலந்து வரலாம். அதனால் நடுவில் இரண்டு வெண்டளையைப் பார்த்ததும் வெண்பா என்று எழுதிவிடக் கூடாது. ஆசிரியத்தளை ஒன்றைப் பார்த்ததுமே வெண்பா இல்லை என்று அடித்துவிடலாம். தேர்வில் நேரம் இல்லாதபோது தவறான தளையைத் தேடுவதுதான் குறுக்குவழி. மூன்று சீரில் ஓர் அடி நிற்கிறது என்பதை வைத்தும் ஏமாறாதீர்கள். வெண்பாவில் அது ஈற்றடி. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றுக்கு முந்தைய அடி.

வெண்டளை பிசகாமல் ஓடியும் வெண்பா ஆகாத ஒன்று மிச்சமிருக்கிறது, கட்டளைக் கலித்துறை. யாப்பருங்கலக் காரிகையே அந்த யாப்பில் அமைந்ததுதான். அங்கே அடிக்கு ஐந்து சீர், ஐந்தாவது விளங்காய், பாட்டு ஏகாரத்தில் முடியும். சந்தேகம் வந்தால் ஒற்றை நீக்கி எழுத்தை எண்ணுங்கள்: நேரில் தொடங்கும் அடியில் 16, நிரையில் தொடங்கும் அடியில் 17.