லைன் நிற்பதற்கு ஒரு வாரம் முன்பே தெரிந்துகொள்ள: திருப்பூர் ஆர்டர் ஒன்றின் சனிக்கிழமைத் தாள்

ஷிப்மென்ட் தாமதமாகப் போகிறது என்பது தையல் லைனில் தெரியவந்தால், அதற்குள் பாதிப் பணம் போயிருக்கும். மிச்சமிருப்பது ஓவர்டைம், பையரிடம் தேதி கேட்பது, கடைசியில் விமானத்தில் அனுப்புவது மட்டும்தான். தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் ஏற்றினால் அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் கட்டணத்திலேயே கரையும். அதனால் உற்பத்தி எண்ணிக்கையைப் பார்த்துக் கவலைப்படுவதை விட்டு, அதற்கு முன்னால் அசையும் எண்களை ஒரு தாளில் எழுதி, சனிக்கிழமைக் கூட்டத்தில் பார்க்கும் பழக்கத்துக்கு வந்தோம். அந்த முறையை ஓர் ஆர்டரை வைத்தே சொல்கிறோம். எண்கள் கணக்குக்கு எளிதாக முழுமையாக்கியவை.

ஆர்டர் 24,000 டி-ஷர்ட், மூன்று கலர். பீஸுக்கு 200 கிராம் வீதம் 4,800 கிலோ துணி. சாயப்பட்டறையில் 400 கிலோ லாட்டாக 12 லாட். நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை, வாரத்துக்கு நான்கு. ஆறாம் வாரத் திங்களன்று இரண்டு லைனில் தையல் தொடக்கம். ஓட்டம் பிடித்த பிறகு ஒரு லைனுக்கு நாளுக்கு 600 பீஸ். ஒன்பதாம் வார வியாழனன்று தையல் முடியும். பத்தாம் வாரப் புதனன்று இறுதி ஆய்வு. இடையில் நான்கு வேலை நாள். கடைசி பீஸ்களின் செக்கிங், அயர்னிங், பேக்கிங்குக்கு இரண்டு நாள் போனால், கையில் மிஞ்சும் அவகாசம் இரண்டு நாள்தான்.

இந்த இரண்டு நாளை எது தின்னும்? அனுபவத்தில் பெரும்பாலும் சாயம். ஆகவே தாளில் முதலில் எழுதுவது துணி இருப்பு, அதுவும் கிலோவில் அல்ல, நாளில். இரண்டு லைன் சேர்ந்து நாளுக்கு 1,200 பீஸ், அதாவது 240 கிலோ. கைவசமுள்ள துணியை 240-ஆல் வகுத்தால் எத்தனை நாள் தையலுக்குத் துணி இருக்கிறது என்று வரும். தையல் தொடங்கும் முன் இது ஆறு நாளுக்குக் குறையக் கூடாது என்பது எல்லை. குறைந்தால் அந்த வரி சிவப்பு, இல்லையென்றால் பச்சை.

ஆறு என்பது பொதுவாக எடுத்த எண் அல்ல. ஷேட் தவறிய லாட் திரும்பப் பட்டறைக்குப் போய், மெஷின் கிடைத்து, சரியாகி வர நான்கு நாள். வந்ததை லைட் பாக்ஸில் பார்த்து, துவைத்துச் சுருக்கம் பார்க்க ஒரு நாள். விரித்து வெட்ட ஒரு நாள். பிரச்சினை தெரிந்த பிறகு அதைச் சரிசெய்யத் தேவைப்படும் நேரமே எல்லையாக இருக்க வேண்டும். மூன்று நாள் என்று வைத்தால் சிவப்பு விழும்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பத்து என்று வைத்தால் எல்லா வாரமும் சிவப்பாக இருக்கும். இரண்டே மாதத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். உங்கள் பட்டறை ஒன்பது நாள் எடுக்கும் என்றால் உங்கள் எல்லை வேறு.

எதைக் ‘கைவசம்’ என்று எண்ணுவது என்பதில்தான் தாள் பொய் சொல்லத் தொடங்கும். ஷேட் ஓகே ஆன, கழுத்து ரிப்பும் உடன் வந்த லாட்டை மட்டும் எண்ண வேண்டும். ரிப்பையும் உடல் துணியையும் ஒன்றாகச் சாயமிட்டாலும், உடல் துணி ஓப்பன் விட்த் காம்பாக்டிங்குக்கும் ரிப் டியூபுலர் காம்பாக்டிங்குக்கும் பிரிந்து போய்விடும். பதினைந்து கிலோ ரிப் வேறு யூனிட்டில் மாட்டிக்கொண்டால் 400 கிலோ துணி குடோனில் சும்மா கிடக்கும். வேறு லாட் ரிப்பைப் போட்டு ஒப்பேற்றினால் கழுத்து ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம்.

ஐந்தாம் வாரச் சனிக்கிழமை நிலவரம் இது என்று வைத்துக்கொள்வோம். திட்டப்படி எட்டு லாட் வந்திருக்க வேண்டும், வந்தது ஆறு. அதில் நேவி இரண்டு லாட் ஷேட் தவறியது. மீதி நான்கில் ஒன்றுக்கு ரிப் வரவில்லை. வாய்க்கணக்கில் “ஆறு லாட் வந்தாச்சு, 2,400 கிலோ, பத்து நாளுக்குத் துணி இருக்கு சார்.” தாளில் மூன்று லாட், 1,200 கிலோ, ஐந்து நாள். எல்லை தாண்டிவிட்டது.

தாண்டினால் என்ன செய்வது என்பதை ஆர்டர் தொடங்கும்போதே அதே வரியில் எழுதியிருப்போம்: ஒரே லைனைத் தொடங்கு, இரண்டாவது லைனுக்கு மூன்று நாள் வேறு வேலை கொடு, முடிவு புரொடக்‌ஷன் மேனேஜருடையது. ஃபேப்ரிக் இன்சார்ஜ் திங்கள் மதியத்துக்குள் ரிப்பை நேரில் போய் எடுத்துவர வேண்டும். மெர்ச்சண்டைசர் நேவிக்கு மெஷின் தேதியை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்க வேண்டும். ரிப் வந்துவிட்டால் 1,600 கிலோ, ஆறரை நாளுக்கு மேல், எல்லைக்குள் திரும்பிவிடலாம்.

இரண்டாவது லைன் மூன்று நாள் தள்ளிப்போனால் 1,800 பீஸ் பின்தங்கும். இரண்டு லைனின் ஒன்றரை நாள் வேலை அது. இரண்டு நாள் அவகாசத்தில் அரை நாள்தான் மிஞ்சும். தினம் இரண்டு மணி நேர ஓவர்டைமில் இரண்டு லைனும் சேர்ந்து 300 பீஸ் கூடுதலாகத் தைத்தால் ஆறு நாளில் மீட்கலாம். ஆனால் ஓவர்டைமுக்குச் சட்ட வரம்பும் பையர் ஆடிட்டும் உண்டு, அதை முதல் வழியாக நினைக்கக் கூடாது. இவ்வளவு இழந்தும் ஏன் தள்ளிவைக்கிறோம் என்றால், இரண்டு லைனையும் ஓட்டி நடுவில் துணியின்றி நிறுத்துவது இதைவிட மோசம். வேலையில்லாமல் உட்காரும் டெய்லர் அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுவார். திரும்பத் தொடங்கும்போது பழையபடி முதல் நாள் வேகம்தான் கிடைக்கும்.

தாளில் இன்னும் மூன்று வரிகள். முதல் முறையிலேயே ஷேட் ஓகே ஆன லாட்: முதல் நான்கில் இரண்டு தவறினால், மீதி லாட்டுக்கு முன் பட்டறை ஷேட் மாஸ்டருடன் உட்கார வேண்டும். இருப்பு குறைவதற்கு ஒரு வாரம் முன்பே இந்த எண் சொல்லிவிடும். அதற்கும் முன்னால் லேப் டிப் எனும் சாய மாதிரி: இரண்டாம் வார முடிவில் பையர் ஓகே வராத கலர் இருந்தால் அந்தக் கலரைத் தையல் வரிசையில் கடைசிக்கு மாற்றுகிறோம். மூன்றாவது, ஆள் வருகை. இதை திங்களன்று எடுக்கக் கூடாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கியபின் வரும் திங்கள் எப்போதும் குறைவாகவே இருக்கும். புதன் எண்ணைப் போன புதனோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எல்லையை இறுக்கிக்கொள்வோம்.

கூட்டம் அரை மணி நேரம். துணியை வெள்ளி மாலை குடோனில் எண்ணுகிறோம். போனில் கேட்டு எழுதுவதில்லை. இந்த வாரம், போன வாரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இருப்பு ஒன்பதிலிருந்து ஏழுக்கு இறங்கியிருந்தால், எல்லை தாண்டாவிட்டாலும் ஏன் என்று கேட்கிறோம். கண்டிப்பான ஒரே விதி: எல்லை தாண்டிய கூட்டத்தில் அந்த எல்லையை மாற்றக் கூடாது. “நாளைக்கு லோடு வந்துரும், இதைப் பச்சையாப் போடுங்க” என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். வந்தபிறகு பச்சை.

இந்தத் தாள் சொல்லாதவையும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது. குடோனில் துணியை எண்ணி இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. அவற்றை ஆர்டர் எடுக்கும்போதே ஓனரும் மார்க்கெட்டிங்கும் பார்க்க வேண்டும். சாயக்கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பராமரிப்பு என்று பட்டறைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னால் மட்டும் அதைத் தாளின் அடியில் குறித்துக்கொள்வோம். அந்த வாரம் மெஷின் தேதிகள் எல்லாவற்றையும் மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.