பூக்கட்டும் அம்மாவின் முழங்காலும் என் முதல் கிரேடும்

பிசியோதெரபி மூன்றாம் வருடம் கிளினிக்கல் போஸ்டிங்கில் இருந்தபோது மதுரையில் எனக்கு முதன்முதலாகத் தனியாகக் கொடுக்கப்பட்ட நோயாளி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி வீட்டில் உட்கார்ந்து சரம் தொடுத்து விற்கும் ஓர் அம்மா. வயது ஐம்பதுக்கு மேல். படியில் தவறி விழுந்து முழங்கால் சிப்பியில் கீறல் முறிவு. எலும்பு விலகவில்லை என்பதால் அறுவை சிகிச்சை இல்லை, 6 வாரம் மாவுக்கட்டு. என்னிடம் வரும்போது விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எலும்பு கூடிவிட்டது, எதிர்ப்புக் கொடுத்துச் சோதிக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"சம்மணம் போட முடியலை தாயி, அதை மட்டும் சரி பண்ணிக் குடு" என்றார்.

நான் நேராகத் தசை பலத்துக்குப் போனேன். கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, பாதி நீட்டியிருக்கும்போது கணுக்காலுக்குச் சற்று மேலே கையை வைத்துக் கீழே அழுத்தினேன். நன்றாகத் தாங்கினார். தொடையின் முன்பக்கத் தசையான குவாட்ரிசெப்ஸுக்குக் கிரேட் 4 என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன்.

மேடம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பேசிவ் ரேஞ்ச் எவ்வளவு?"

நோயாளி முயலாமல், நாமே பிடித்து அசைத்தால் மூட்டு எவ்வளவு போகிறது என்ற அந்த அளவை நான் எடுக்கவே இல்லை.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. 0 முதல் 5 வரையான இந்த அளவுகோல் பிரிட்டனின் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் போர்க்காலத்தில் நரம்புக் காயங்களைப் பதிவு செய்யப் பயன்படுத்தியது. நாங்கள் பயன்படுத்தும் முறையில் கிரேட் 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்து முழு அசைவையும் முடிக்க வேண்டும். அதை முடித்த பிறகுதான் எதிர்ப்புக் கொடுத்து 4, 5 என்று பார்ப்போம். 'முழு அசைவு' என்பது அந்த மூட்டு இன்று எவ்வளவு போகுமோ அவ்வளவு. மூட்டே இறுகி 20 டிகிரியில் நின்றுவிட்டால், அந்த 20 டிகிரி வரை நீட்டுவதுதான் அந்தத் தசைக்கு முழு வேலை. மூட்டு முழுதாகப் போகிறது, ஆனால் தசை 20 டிகிரிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது என்றால் அது தசையின் பலவீனம். அதைத்தான் எக்ஸ்டென்ஷன் லேக் என்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மடங்கிய முழங்கால்தான். பேசிவ் அளவு கையில் இல்லாமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

சரி, மல்லாக்கப் படுக்கவைத்து, மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை எடுத்தேன். அச்சு, தொடை எலும்பின் கீழ்முனையில் வெளிப்பக்கம் தடவினால் தெரியும் மேட்டின் மேல். கருவியின் நகரும் கை வெளிக்கணுக்கால் எலும்பை நோக்கி. நிலையான கை இடுப்புக்குப் பக்கவாட்டில் இருக்கும் பெரிய டிரோக்கேண்டர் என்ற எலும்பு மேட்டை நோக்கி. குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று. அது இல்லாவிட்டால் மெத்தை தடுத்து, முழங்கால் கடைசிவரை நீளாது. எனக்கு 7 டிகிரி குறைவு என்று வந்தது. மறுபடி எடுத்தேன், அதே 7.

மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். புடவைக்கு மேலேயே குத்துமதிப்பாக வைத்ததில் நிலையான கை டிரோக்கேண்டரை விட்டுக் கீழே, புட்டச் சதையை நோக்கிப் போயிருந்தது. தொடையின் கோடு இடுப்புப் பக்கம் தாழ்ந்தால், நேராக இருக்கும் முழங்காலும் மடங்கியதாகவே கணக்கில் வரும். டிரோக்கேண்டரைக் கண்டுபிடிக்க அவர் காட்டிய வழியை இன்றுவரை விடாமல் செய்கிறேன். ஒரு உள்ளங்கையை இடுப்பின் வெளிப்பக்கம் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் காலை உள்ளேயும் வெளியேயும் மெதுவாக உருட்ட வேண்டும். சதை அப்படியே இருக்க, கைக்கு அடியில் கெட்டியாக ஒன்று உருளும். அதுதான். திரையை இழுத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லி, புடவையை ஒதுக்கி, போர்வை போட்டு மறுபடி எடுத்தேன். கண்ணைக் கருவியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படித்தேன். 0. மூட்டு முழுதாக நீள்கிறது. மடக்குவதில் 100 டிகிரி வரை போய், மெதுவாக இழுத்துப் பிடிக்கும் கெட்டியான முடிவு. எலும்பு முட்டுகிற மாதிரி 'டக்'கென்று நிற்கவில்லை. சம்மணம் வராததற்குக் காரணம் இந்த 100.

அப்புறம் மறுபடி உட்காரவைத்தோம். நிமிர்ந்து உட்கார்ந்து தானாக நீட்டியதில் 25 டிகிரி பாக்கி. "அப்ப லேக் 25" என்றேன். மேடம் தலையசைக்காமல், அதே நிலையில் குதிகாலைத் தன் கையால் தூக்கினார். 10 டிகிரி பாக்கி இருக்கும்போதே நின்றது. "பின்தொடை சுண்டி இழுக்குது" என்றார் அம்மா. இடுப்பு மடங்கி இருக்கும்போது பின்தொடைத் தசையான ஹாம்ஸ்ட்ரிங் மேலேயும் இழுபட்டிருப்பதால் முழங்காலைக் கடைசிவரை நீள விடாது. படுத்தபோது தெரியாத இறுக்கம் உட்கார்ந்தபோது வெளியே வந்தது. கைகளைப் பின்னால் ஊன்றிச் சாய்ந்து உட்காரச் சொன்னோம். இப்போது பேசிவ் 0, தானாக நீட்டினால் 15 பாக்கி. ஆக, உண்மையான லேக் 15. நான் சொன்ன 25-இல் 10 டிகிரி ஹாம்ஸ்ட்ரிங்குடையது. படுக்கையில் எடுத்த பேசிவ் அளவிலிருந்து உட்கார்ந்து எடுத்த ஆக்டிவ் அளவைக் கழிப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. இரண்டும் ஒரே நிலையில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

அப்படியானால் கிரேட்? ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை நான் தாங்கிக்கொண்டு நீட்டச் சொன்னபோது முழுதாக நீட்டினார். புவியீர்ப்பு தடுக்காத நிலையில் முழுதாக முடித்தால் அது கிரேட் 2, அதனால் 2 நிச்சயம் உண்டு. (இங்கே இடுப்பு உள்பக்கம் திரும்பினால் முழங்கால் தானாகவே நீட்சிக்கு விழுந்துவிடும், அதைக் கவனிக்க வேண்டும்.) புவியீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கு மேல் போகிறார், ஆனால் முடிக்கவில்லை. எங்கள் துறையில் இதை 3 மைனஸ் என்று எழுதுவோம். பாதியில் நான் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கியது கணக்கில் வராது, ஏனென்றால் புவியீர்ப்பை எதிர்த்து முழு அசைவையும் முடித்த பிறகுதான் எதிர்ப்புக்கு மதிப்பு.

நான் எழுதிய 4 அப்படியே இருந்திருந்தால், கணுக்காலில் எடை கட்டிப் பயிற்சி கொடுத்திருப்பேன். முடிக்க முடியாத அந்தக் கடைசி 15 டிகிரியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இப்போது முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் குதிகாலைத் தூக்கும் பயிற்சியும், ஹாம்ஸ்ட்ரிங் நீட்டலும், மடக்குவதற்குக் குதிகாலை இழுத்து வரும் பயிற்சியும் கொடுத்தோம்.

4 வாரம் கழித்து அதே கட்டில், அதே கோனியோமீட்டர், அதே சாய்ந்த நிலை. லேக் 5. மடக்கம் 112. ஒரே ஆள் திரும்ப எடுத்தாலும் 5 டிகிரி வரை முன்பின் ஆகும் என்பதால் அதற்குக் கீழான மாற்றத்தை நான் முன்னேற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே 10-உம் 12-உம் அதைத் தாண்டியவை. ஆனால் கிரேடு அதே 3 மைனஸ்தான், இன்னும் முழுதாக முடிக்கவில்லையே. எண் நகரவில்லை, அந்த அம்மாவோ கையை ஊன்றாமல் எழுந்து நிற்கிறார். அதனால் அன்று முதல் கிரேடைத் தனியாக எழுதுவதில்லை. அந்த ஷீட்டில் இப்படி எழுதினேன்: "குவாட்ரிசெப்ஸ் 3 மைனஸ், சாய்ந்து உட்கார்ந்த நிலை, பேசிவ் நீட்சி 0, லேக் 5."

சம்மணம் இன்னும் வரவில்லை. ஒரு காலை நீட்டி வைத்துத் தரையில் உட்கார்ந்து பூக்கட்டுவதாகச் சொன்னார்.