புயலுக்கு முன் எண்பது லிட்டர்

2023 டிசம்பர் 1, வெள்ளி, வேளச்சேரி

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், புயலாகிவிடும் என்கிறார்கள். 2015 வெள்ளத்தில் ஒரு கேன் தண்ணீருக்கு அலைந்தது இன்னும் மறக்கவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் கணக்குப் போட்டோம். குடிக்க, சமைக்க, பல் தேய்க்க என்று ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். நாலு பேருக்கு ஐந்து நாளைக்கு 80 லிட்டர். மூன்று நாளைக்கு இருந்தால் போதும் என்றார் அவர். இந்தத் தெருவில் தண்ணீர் வடிகிற அழகு எனக்குத் தெரியும், ஐந்துதான் என்றேன்.

பரணிலிருந்து நாலு கேன் இறங்கின. அதில் ஒன்று எண்ணெய் வாங்கியது, அதை ஒதுக்கிவிட்டேன். எண்ணெய், பால் இருந்த பிளாஸ்டிக்கை எத்தனை தடவை கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். கிருமிக்கு அதுவே தீனி. அதற்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கினோம்.

டிசம்பர் 2, சனி

கேன் பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. வாய்க்குள் விரலை விட்டுத் தடவினால் வழவழ. அந்த வழவழப்பே கிருமிகள் கட்டிய படலம். அதன் மேல் பிளீச்சை ஊற்றினால் மேலோடு போய்விடும், அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். முதலில் தேய்த்து எடுக்க வேண்டும். ஆனால் கை உள்ளே போகாதே! ஒரு பிடி அரிசி, சோப்புத் தண்ணீர் போட்டுக் கேனைக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினேன். "அரிசியை இப்படியா கொட்டுவாங்க?" என்றார் அத்தை. வெளியே வந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நன்றாக அலசிய பிறகு பிளீச். வாசனை சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட், லேபிளில் 5 சதவீதம் என்று இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் கலந்து, கேனை உருட்டி எல்லாப் பக்கமும் அரை நிமிடம் படவிட்டுக் கொட்டினேன். மூடிக்கும் அதே குளியல். மறுபடி அலசிக் கவிழ்த்துக் காயவைத்தேன்.

நிரப்பியது ஆர்.ஓ. தண்ணீர். சுத்தமானதுதான், ஆனால் ஃபில்டரில் இருக்கும் கார்பன் குளோரினை எடுத்துவிடுவதால் தேக்கிவைத்தால் அதைக் காக்க எதுவும் இல்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் அப்படித்தான். அதனால் லிட்டருக்கு இரண்டு சொட்டு என்று, கேனுக்கு 40 சொட்டு அதே பிளீச்சை இங்க் ஃபில்லரில் எண்ணி விட்டேன். அரை மணி நேரம் கழித்து முகர்ந்தால் லேசாகக் குளோரின் வாசனை வர வேண்டும். ஒரு கேனில் வரவில்லை. அதற்கு மட்டும் இன்னொரு 40 சொட்டு விட்டு, கால் மணி நேரம் பொறுத்ததும் வந்தது. தேதி எழுதிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அங்கே வெயிலும் இல்லை, பக்கத்தில் பினாயிலும் இல்லை.

டிசம்பர் 4, திங்கள்

மிக்ஜாம். ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. கரண்ட் இல்லை. சம்ப் மூடியே கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் வேலையாக மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார் அவர். கரண்ட் வந்ததும் யாராவது பழக்கத்தில் போட்டுவிட்டால், மாடித் தொட்டியில் இருக்கிற நல்ல தண்ணீரும் கெட்டுப்போகும்.

கேனில் ஒன்றை மட்டும் திறந்து குழாய் மாட்டியிருக்கிறோம். அதிலிருந்து சமையலுக்குப் பிடித்துவைத்த குடத்தில் பையன் டம்ளரை முக்கிவிட்டான், விரலோடு. அந்தக் குடம் பாத்திரம் கழுவப் போனது.

டிசம்பர் 6, புதன்

புயல் நேற்று பாபட்லா பக்கம் கரையைக் கடந்துவிட்டது. எங்கள் தெருத் தண்ணீர் நகரவில்லை. காலையில் டம்ளரில் குட்டை நாற்றம். கேனை முகர்ந்தால் ஒன்றுமில்லை. குழாயைக் கழற்றினால் வாஷருக்குப் பின்னால் அதே வழவழப்பு! கேனுக்கு அவ்வளவு செய்தவள் குழாயைத் தொடவே இல்லை. மிச்சத் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடித்தோம்.

சம்ப் தண்ணீரையும் இப்படிக் காய்ச்சலாமா என்று கேட்டார் கீழ்வீட்டு அக்கா. சாக்கடையோடு வண்டி டீசலும் அதில் கலந்திருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், டீசல் எங்கே போகும்? எங்கள் கேனிலிருந்து அரைவாசி கொடுத்தேன்.

2024 ஜூன் 2, ஞாயிறு

கட்டிலுக்கு அடியில் திறக்காத கேன் ஒன்று மிச்சம். வீட்டில் நிரப்பிய தண்ணீருக்கு ஆறு மாதம்தான் கெடு. திறந்து பார்த்தேன்: நிறம் மாறவில்லை, கெட்ட வாசனை இல்லை, குளோரின் வாசனையும் இல்லை. குடிக்கத் துணியவில்லை. துளசிக்கும் மாப் போடவும் போனது. காலிக் கேனைக் கழுவ எடுத்தபோது, அத்தையே ஒரு பிடி குருணையோடு வந்து நின்றார். "நல்ல அரிசி எதுக்கு, இது போதும்."