ஊர் திரும்பிய பிறகு துபாய் கம்பெனியிடம் வாங்கிய பாக்கி

விசா கேன்சல் பேப்பரில் "எனக்குச் சேர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது" என்று கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் தொழிலாளர் கேம்ப்பில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டவன்தான். போட்டால்தான் டிக்கெட் தருவோம் என்றார்கள். பணம் அக்கவுண்டுக்கு வரும் என்று வாயால் சொன்னதோடு சரி.

ஏழு வருடம் ஏசி டெக்னீஷியன் வேலை. மொத்தச் சம்பளம் 2,000 திர்ஹாம், அதில் பேசிக் 1,200. கடைசி மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, கிராஜுவிட்டியும் வரவில்லை. 2025 தொடக்கத்தில் ஊருக்கு வந்த பிறகு ஆபீஸுக்கு போன் போட்டால், அடுத்த வாரம் என்பார்கள். பிறகு போனை எடுப்பதே நின்றுபோனது.

முதலில் கணக்கு. கிராஜுவிட்டியை மொத்தச் சம்பளத்தில் போடக் கூடாது, பேசிக்கில்தான் போட வேண்டும். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்கு மேல் வருடம் 30 நாள். என் பேசிக்குக்கு ஒரு நாள் கூலி 40 திர்ஹாம். ஆக முதல் ஐந்து வருடத்துக்கு 4,200, அடுத்த இரண்டு வருடத்துக்கு 2,400, மொத்தம் 6,600. சம்பளப் பாக்கி 6,000. எடுக்காத லீவுக்கு 1,200. எல்லாம் சேர்த்து 13,800. வேலை முடிந்து 14 நாளுக்குள் இதைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.

நம் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில்தான் முதலில் புகார் பதிந்தேன். தூதரகம் கம்பெனிக்கு எழுதியது. அது வெறும் கடிதம், உத்தரவு இல்லை என்பது கம்பெனிக்கும் தெரியும். அதை மட்டும் நம்பிக் காத்திருப்பது வீண் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்பு ஒரு வருடமாக இருந்ததை 2024 திருத்தத்தில், வேலை முடிந்த தேதியிலிருந்து இரண்டு வருடமாக்கினார்கள். அதற்குப் பிறகு கேட்டால் எடுபடாது.

பணம் வாங்கித் தரும் அதிகாரம் அங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்துக்குத்தான். 50,000 திர்ஹாமுக்குள் உள்ள கோரிக்கை என்றால், கோர்ட்டுக்கு அனுப்பாமல் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லலாம். 2024 முதல் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால், அங்கே புகார் பதிவதற்கான ஓடிபி துபாய் சிம்முக்குப் போகிறது, என் சிம்மோ செத்துப்போயிருந்தது. அதனால் அங்கேயே வேலை பார்க்கும் நண்பருக்குப் பவர் எழுதிக் கொடுத்தேன்.

அலைச்சல் முழுக்க இந்தப் பவரில்தான். நோட்டரி, மாநில உள்துறை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். பிறகு அங்கே போய் அவர்களுடைய வெளியுறவு அமைச்சக முத்திரை, அரபியில் சட்ட மொழிபெயர்ப்பு. நோட்டரி ஆபீஸில் வைத்திருந்த மாதிரியில் "என் சார்பில் ஆஜராகலாம்" என்று மட்டும்தான் இருந்தது. நண்பர் முன்பே விசாரித்து வைத்திருந்ததால், "சமரசம் பேசலாம், பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்" என்ற இரண்டையும் தனித்தனியாகச் சேர்க்கச் சொன்னேன். அந்த வரிகள் இல்லாவிட்டால் கேஸ் ஜெயித்தும் செக்கை வாங்க முடியாது.

நண்பர் புகார் பதிந்ததும், கம்பெனியின் அரசு ஆபீஸ் வேலைகளைப் பார்க்கும் பிஆர்ஓ வந்தார். 7,000 தருகிறோம், இரண்டு தவணையில், கேஸை வாபஸ் வாங்குங்கள் என்றார். நண்பர் எனக்கு போன் போட்டார், வேண்டாம் என்றேன். அடுத்து அந்தக் கையெழுத்துப் பேப்பரை எடுத்து நீட்டினார்கள். அமைச்சக அதிகாரி பேப்பரைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "பணம் போன ரசீது எங்கே?" சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும், அதன் பதிவு அரசிடமே இருக்கிறது. என் வங்கி ஸ்டேட்மென்டில் அந்த மூன்று மாதமும் சம்பள வரவு இல்லை. கொடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனி, அவர்களிடம் ரசீது இல்லை. அக்கவுண்ட் மூடுவதற்கு முன்பே அந்த ஸ்டேட்மென்டை பிடிஎஃப்பாக எடுத்து வைத்திருந்தேன். பிறகு கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ.

லீவுப் பணம் மட்டும் போயிற்று. நான் ஊருக்கு வந்துபோன லீவு ஃபாரத்தைக் கம்பெனி காட்டியது, அதில் என் கையெழுத்து இருந்தது, நாளும் சரியாக இருந்தது. அந்த 1,200 கழிந்து 12,600 திர்ஹாம் தர வேண்டும் என்று முடிவானது. செக்கை நண்பர் வாங்கி, தன் அக்கவுண்டில் போட்டு எனக்கு அனுப்பினார். மொழிபெயர்ப்புக்கும் முத்திரைகளுக்கும் ஆன செலவைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன், பாதியைத்தான் கழித்திருந்தார்.