55 டிகிரி ஸ்டேக்கும், ஸ்டிக்கரில் இருந்த ஒரு வரியும்

இறைச்சியைப் பையில் அடைத்து, வெப்பம் மாறாத தண்ணீரில் மெல்ல வேகவைப்பதுதான் சூ வீட். இந்த முறையில், நடு இளஞ்சிவப்பாக நிற்கும் மீடியம் ரேர் ஸ்டேக் செய்வதில் தண்ணீர் தொட்டி தொல்லை தராது. 55 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால், தண்ணீரைச் சூடாக்கிச் சுழற்றும் சர்க்குலேட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். எனக்குத் தொல்லை வந்தது இறைச்சி வாங்கிய இடத்தில். இன்னும் ஆத்திரம் தீரவில்லை, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரொறன்ரோவில் மொத்தமாக வாங்கும் பெரிய கடை ஒன்றில் தடிமனான ஸ்டிரிப்லாய்ன் ஸ்டேக் தட்டு ஒன்று எடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான், விலைச் சீட்டுக்குக் கீழே இயந்திரத்தால் மென்மையாக்கப்பட்டது என்று பொடி எழுத்தில் இருந்தது தெரிந்தது. ஊசிகளோ மெல்லிய கத்திகளோ நிறைந்த இயந்திரத்தில் கொடுத்து இறைச்சியைக் குத்தி நாரை உடைக்கிறார்கள். வெட்டாத முழுத் தசையின் உள்ளே கிருமி அநேகமாக இருக்காது. இருப்பது மேல்பரப்பில்தான், அதைச் சட்டியின் சூடு கொன்றுவிடும். குத்தும்போது மேலே இருந்த ஈகோலைக் கிருமி உள்ளே போய்விடுகிறது. 2012இல் ஆல்பர்ட்டா இறைச்சி ஆலை ஒன்றிலிருந்து கிளம்பிய ஈகோலை பரவலுக்குப் பிறகு கனடா அரசு விழித்துக்கொண்டது. 2014 ஆகஸ்டிலிருந்து இப்படிப்பட்ட மாட்டிறைச்சியில் அதைச் சீட்டில் எழுத வேண்டும், உள்வெப்பம் 63 டிகிரியாவது வர வேண்டும் என்றும் சொல்ல வேண்டும்.

63 டிகிரியில் மீடியம் ரேர் கிடையாது. அது மீடியத்தையும் தாண்டுகிற இடம். அன்று வீட்டுக்கு வரவிருந்தவர்களில் என் தங்கச்சி கர்ப்பிணி. தட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் குத்தாத இறைச்சி கேட்டேன். கவுண்டரில் நின்றவர் பார்க்கக்கூட இல்லை. "எல்லாம் ஒரே இறைச்சிதான், பிரித்த பொட்டலத்தை வாங்க மாட்டோம்" என்றார். ஒரே இறைச்சி என்றால் அந்த ஸ்டிக்கர் எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. போக வரப் பேருந்தில் அலைந்ததுதான் மிச்சம். அந்தத் தட்டு மிளகு போட்டு நன்றாக வெந்த வறுவலாகப் போயிற்று.

குத்திய இறைச்சியைக் குறைந்த வெப்பத்தில் பாதுகாப்பாகச் செய்யவே முடியாதா என்றால், முடியும். கிருமி சாவது வெப்பத்தோடு நேரத்தையும் பொறுத்தது. அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 54.4 டிகிரியில் 112 நிமிடம் நின்றால், இறைச்சித் தொழிற்சாலைகளிடம் கேட்கிற அளவுக்குக் கிருமி குறைந்துவிடும். அந்த 112 நிமிடம் பையைத் தண்ணீரில் போட்ட நேரத்திலிருந்து ஓடுவதில்லை. இறைச்சியின் நடு 54.4ஐத் தொட்ட பிறகுதான் தொடங்குகிறது. பலர் தவறுவது இங்கேதான்.

நடு சூடாக எவ்வளவு ஆகும் என்பதைத் தடிமன் தீர்மானிக்கிறது, எடை அல்ல. 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்குக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் சுமார் ஒன்றேகால் மணி நேரம். 4 சென்டிமீட்டர் என்றால் சுமார் இரண்டரை மணி. தடிமன் 1.6 மடங்குதான் ஆனது, ஆனால் நேரம் இரண்டு மடங்கு. 'ஸ்டேக், ஒரு மணி நேரம்' என்று மட்டும் எழுதியிருக்கிற குறிப்பை நம்பாமல் அளவுகோலை எடுத்து வைத்துப் பாருங்கள்.

அடுத்து போனது வீட்டுக்குச் சற்றுத் தூரத்தில் உள்ள சின்ன இறைச்சிக் கடை. முழு ஸ்டிரிப்லாய்ன் துண்டைக் கண்முன்னே வைத்து, நான் கேட்டபடி 4 சென்டிமீட்டராக அறுத்துக் கொடுத்தார் கடைக்காரர். குத்துவதில்லை என்றும் சொன்னார். ஒரு முனை மெலிந்தும் மறு முனை தடித்தும் இருக்கக் கூடாது என்று நான் சொன்னதையும் காதில் வாங்கிக்கொண்டார். அந்தக் கடைக்குப் போனதே பாதி வெற்றி.

உப்பும் மிளகும் தடவி, ஜிப் பையில் போட்டு, வாயைத் திறந்தபடி தண்ணீரில் மெல்ல இறக்கிக் காற்றை வெளியேற்றி மூடினேன். பை மிதந்தால் மேலே நிற்கும் பக்கம் வேகாது. அதற்கு ஒரு கனமான கரண்டியைப் பையோடு கிளிப் போட்டு அமிழ்த்தலாம். தொட்டியின் வெப்பத்தைத் தனி வெப்பமானியால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது, ஒரு டிகிரி குறைந்தாலும் மேலே சொன்ன 54.4க்குக் கீழே போய்விடுவோம். அதனால்தான் 54க்குப் பதிலாக 55 வைக்கிறேன்.

மூன்று மணி நேரம் கழித்து எடுத்தேன். நான்கு மணிக்கு மேல் விட்டால் ஸ்டிரிப்லாய்ன் மாதிரி ஏற்கெனவே மென்மையான துண்டு மாவு போலத் தளர ஆரம்பிக்கும். குத்திய இறைச்சி என்றால் இதே தடிமனுக்கு நான்கரை மணி தேவைப்பட்டிருக்கும், அதாவது பாதுகாப்பும் பதமும் ஒன்றோடொன்று மோதும். குத்தாததைத் தேடி அலைந்தது வீண் இல்லை.

கடைசிச் சூட்டுக்கு வருவோம். பையிலிருந்து வரும் ஸ்டேக் சாம்பல் நிறத்தில், ஈரமாக, பார்க்கவே பிடிக்காததாக இருக்கும். இதை அப்படியே சட்டியில் போட்டால் நஷ்டம் அங்கேதான். மேலே இருக்கிற ஈரம் ஆவியாகும் வரை அந்தப் பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. வறுத்த நிறமும் மணமும் வேகமாக வருவதற்கு 140க்கு மேல் வேண்டும். அந்த ஈரம் உலரும் வரை காத்திருந்தால் சூடு உள்ளே இறங்கி, ஓரத்தில் வெந்துபோன பட்டை விழும். மூன்று மணி நேரம் பாடுபட்டுக் காத்த இளஞ்சிவப்பை இரண்டு நிமிடத்தில் இழக்க வேண்டியதுதான். ஆகவே காகிதத் துவாலையால் எல்லாப் பக்கமும் ஒற்றி, தட்டில் வைத்துப் பத்து நிமிடம் பிரிட்ஜில் திறந்து வைத்தேன். பரப்பு உலரவும், சற்றே ஆறவும் இது உதவும்.

இரும்புத் தோசைக்கல்லை நன்றாகப் புகை கிளம்பும் வரை காய்ச்சி, கனோலா எண்ணெய் கொஞ்சம் விட்டேன். எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய் இந்தச் சூட்டில் சீக்கிரம் கருகிப் புகையும். ஒரு பக்கம் 30 விநாடி, புரட்டு, இன்னும் 30, மறுபடியும் புரட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிமிடம் வரை. கொழுப்புள்ள விளிம்பை இடுக்கியால் நிமிர்த்திப் பிடித்து 20 விநாடி. வெண்ணெயும் தட்டிய பூண்டும் கடைசி 20 விநாடிக்கு மட்டும், முன்னாலேயே போட்டால் கரிந்து கசக்கும். சன்னலைத் திறந்து, எக்ஸாஸ்டை முழு வேகத்தில் வைக்கவும். அடுக்குமாடி என்றால் புகை அலாரம் கேட்டே தீரும்.

வெட்டிப் பார்த்தபோது விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே இளஞ்சிவப்பு, மேலே ஒரு மெல்லிய கோடு மட்டும் பழுப்பு. நடுவில் வெப்பமானி 56 காட்டியது, ஒரு டிகிரிதான் ஏறியிருந்தது. ஒரு வரி ஸ்டிக்கர் பறித்த பொழுதெல்லாம் அந்த நிமிடத்தில் மறந்துபோயிற்று. தங்கச்சிக்கான துண்டை மட்டும் தனியாக 71 வரை வேகவைத்தேன். கர்ப்பத்தில் மீடியம் ரேர் வேண்டாம் என்பதில் நான் சமரசம் செய்வதில்லை.

பையில் தேங்கிய சாற்றைக் கொட்டாதீர்கள். சின்னப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் புரதம் திரிந்து மேலே வரும். அதை வடிகட்டி, தோசைக்கல்லில் ஒட்டியிருக்கும் பழுப்போடு ஒரு ஸ்பூன் வெண்ணெய் சேர்த்துக் கிளறினால் ஸ்டேக்குக்கு மேலே ஊற்றச் சாஸ் ரெடி. உப்பு பார்த்துப் போடுங்கள், சாற்றில் ஏற்கெனவே இருக்கிறது.