‘ஸ்’ சத்தம் எங்கே போனது?

காது கேட்காத குழந்தைக்கு ஆபரேஷன் செய்து உட்காதில் வைக்கிற காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவி வேண்டும் என்று வருகிற குடும்பங்களுக்கு, கேட்கும் திறனைச் சோதிக்கிற எங்கள் மேல் முதல் கோபம் வருவது, "முதல்ல காது மெஷின் போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லும்போதுதான். பெரா டெஸ்ட்டில் ஒன்றுமே வரவில்லை, ரெண்டு காதிலும் 90 டெசிபலுக்கு அலையே இல்லை, அப்புறம் எதுக்கு மெஷின், நேராக ஆபரேஷனுக்கு எழுதுங்களேன் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தூங்கும் குழந்தையின் தலையில் ஒயரை ஒட்டி எடுக்கிற பெரா, நரம்பு வழியில் சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்பதைச் சொல்லுமே தவிர, முழித்திருக்கும் குழந்தை என்ன கேட்கிறது என்பதைச் சொல்லாது. தாழ்ந்த சுருதிச் சத்தங்களில் கேட்கும் திறன் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பெராவில் தெரியாமல் போகலாம். அதனால் நல்ல மெஷினைப் போட்டு, சில மாதம் பயிற்சி கொடுத்து, முரசு அடித்தால் திரும்புகிறதா, பேச்சுச் சத்தத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே முடிவு எடுப்போம். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மூளைக்காய்ச்சல் வந்து காது போன குழந்தையைக் காக்க வைக்கக் கூடாது. உட்காதில் நத்தை ஓடு மாதிரி இருக்கிற காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டால் கருவியின் எலெக்ட்ரோட் கம்பி போக வழியிருக்காது.

அடுத்தது ஸ்கேன். சி.டி.யில் எலும்பும் காக்ளியாவின் அமைப்பும் தெரியும், எம்.ஆர்.ஐ.யில் கேள்வி நரம்பு இருக்கிறதா என்று தெரியும். நரம்பே இல்லையென்றால் எத்தனை லட்சம் போட்டு எந்தக் கருவியை வைத்தாலும் பேச்சு வரும் என்று சொல்ல முடியாது, அந்தக் குடும்பத்திடம் அதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். நிமோகாக்கஸ் தடுப்பூசி, குழந்தை மருத்துவர், மயக்க மருத்துவர், மனநல மதிப்பீடு என்று பட்டியல் நீளும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதென்றால் 6 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பதால் எல்லாருக்கும் அவசரம். என்னைக் கேட்டால் 6 வயது என்பது அரசுக் கோப்புக்கான எல்லை. பிறவியிலேயே கேட்காத குழந்தையின் மூளைக்கு அது ரொம்பத் தாமதம், ரெண்டு வயதுக்குள் வருகிற குழந்தைக்கும் அஞ்சு வயதில் வருகிற குழந்தைக்கும் நான் போடுகிற திட்டமே வேறு.

இத்தனை தாளும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: பகலில் குழந்தை யாரிடம் இருக்கிறது? காசிமேட்டிலிருந்து வந்த ஒரு குழந்தையை வைத்து இதைச் சொல்கிறேன். மீனா என்று பெயர் வைத்துக்கொள்வோம், நிஜப் பெயர் வேறு. அப்பா விசைப்படகில் போகிறவர், கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வீட்டில் இல்லை. அம்மா விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போய், எடுத்த மீனை விற்று முடித்து மதியத்துக்கு மேல்தான் திரும்புவார். குழந்தை ஆயாவிடம். மதிப்பீட்டுக்கு எல்லா நாளும் வந்தது அம்மா, கவுன்சலிங்கில் தலையாட்டியது அம்மா. ஆயாவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ரெண்டே முக்கால் வயதில் வலது காதில் ஆபரேஷன். காதுக்குப் பின்னால் கீறி, மாஸ்டாய்ட் எலும்பைக் குடைந்து, முக நரம்புக்கும் நாக்கின் சுவை நரம்புக்கும் நடுவில் இருக்கிற சில மில்லிமீட்டர் இடைவெளி வழியாக நடுக்காதுக்குள் போவார்கள். முக நரம்பைக் காட்டிக்கொடுக்க மானிட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அது காயப்பட்டால் முகம் ஒரு பக்கம் கோணிவிடும். வட்ட ஜன்னல் என்கிற சவ்வைத் திறந்து எலெக்ட்ரோட் கம்பியை மெதுவாக, நிஜமாகவே மெதுவாக, உள்ளே விடுவார் சர்ஜன். அதுவரை லேப்டாப்போடு மூலையில் உட்கார்ந்திருக்கும் என் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும். உள்ளே வைத்த கருவியோடு தொடர்பு கொள்கிற காயிலை, கிருமி நீக்கிய உறை போட்டுத் தோல் மேல் வைத்ததும் திரையில் 22 எலெக்ட்ரோடுக்கும் மின்தடை ஒவ்வொன்றாக வரும். மீனாவுக்கு ஒரு எலெக்ட்ரோடில் தடை ஏகத்துக்கு எகிறியது. கம்பி அறுந்திருந்தாலும் இப்படி வரும், காற்றுக் குமிழி சிக்கியிருந்தாலும் இப்படித்தான் வரும். மற்ற எலெக்ட்ரோடுகளில் கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுத்துவிட்டு மறுபடி எடுத்தேன், இறங்கிவிட்டது, குமிழிதான். பிறகு நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்க்கிற சோதனை, அதிலும் அலை வந்தது. எக்ஸ்ரேயில் கம்பி சுருண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

மூணு வாரம் கழித்துப் புண் ஆறியதும், மைக்கில் சத்தத்தை எடுத்துக் காயில் வழியாக உள்ளே அனுப்புகிற வெளி ப்ராசஸரை மாட்டி ஆன் செய்வோம். மொபைலில் சுற்றுகிற வீடியோவில் வருவது மாதிரி குழந்தை சிரித்து அம்மாவைக் கட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்து வருவார்கள். நான் பார்த்த பாதிக் குழந்தைகள் அழுதார்கள், சிலர் விளையாடுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்கள். மீனா அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சத்தம் என்றால் என்னவென்றே தெரியாத மூளைக்கு அது புது தொந்தரவு, அவ்வளவுதான். அதனால் முதல் மேப்பைத் தாழ்வாக வைத்து, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். ஒவ்வொரு எலெக்ட்ரோடுக்கும் லேசாகக் கேட்கிற அளவு எது, உறுத்தாமல் சத்தமாகக் கேட்கிற அளவு எது என்று கண்டுபிடிப்பதுதான் மேப்பிங். சத்தம் கேட்டால் கட்டையைக் கிண்ணத்தில் போடு என்ற விளையாட்டுக்குக் குழந்தையைப் பழக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

ஆறு மாதம் போயும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மீனா திரும்பவில்லை. மேப் சரி, மின்தடை சரி, தெரபிக்கு அம்மா தவறாமல் வருகிறார். ப்ராசஸரில் டேட்டா லாக் என்று ஒன்று இருக்கிறது, ஒரு நாளைக்குச் சராசரி எத்தனை மணி நேரம் காயில் தலையில் ஒட்டியிருந்தது என்று அதுவே எழுதி வைத்துக்கொள்ளும். திறந்து பார்த்தால் அஞ்சு மணி நேரத்துக்குச் சற்று மேல். முழித்திருக்கிற நேரத்தில் பாதிகூட இல்லை. அம்மாவைக் கேட்டால், "நான் இருக்கச்சொல்லாம் போட்டுத்தான் மேடம் வைக்கிறேன்" என்றார். பொய்யில்லை, அவர் இருந்த நேரமே அவ்வளவுதான்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது, 61 நாள் விசைப்படகு போகாது. அப்பா வீட்டில். தடைக்காலத்துக்கு நடுவில் வந்தபோது லாக் பத்து மணி நேரத்தைத் தொட்டிருந்தது. அந்த மனிதர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வலை பின்னுகிற இடம், டீக்கடை என்று எல்லா இடத்துக்கும் போய், கேட்கிற சத்தத்தையெல்லாம் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறார். ஜூன் ஆரம்பத்தில் மீனா பேருக்குத் திரும்பினாள். ஜூன் பாதியில் படகு கிளம்பியது, அடுத்த தடவை லாக் ஆறுக்கு இறங்கியது. இதைவிடத் தெளிவாக எந்த ஆராய்ச்சியும் எனக்குச் சொல்லியிருக்காது.

அதற்குப் பிறகுதான் ஆயாவை வரச் சொன்னோம். வந்தவர் உட்காருவதற்கு முன்பே சொன்னார்: "ஆறு லட்சம்னு சொன்னாங்கோ, கொயந்த கீய போட்டு ஒடச்சிட்டா நான் இன்னா பண்றது? அதான் கயட்டி பீரோல வச்சிடறேன்." இதில் திட்ட என்ன இருக்கிறது? வெளிப் பாகம் கீழே விழுந்தால் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது, கேபிள் போனால் மாற்றலாம், சட்டையோடு கோத்துவிடக் கிளிப் இருக்கிறது, இதையெல்லாம் யாராவது அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். கழற்றி மாட்ட, பேட்டரி மாற்ற, ராத்திரி சிலிகா ஜெல் டப்பாவில் வைக்க என்று எல்லாம் அவர் கையாலேயே செய்ய வைத்தோம். கடலோரத்து ஈரத்துக்கு அந்த டப்பா இல்லாமல் முடியாது.

கூடவே ஆறு சத்தம் சொல்லிக்கொடுத்தேன். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பேச்சில் வருகிற பரப்பை இந்த ஆறும் மூடிவிடும். காலையில் மாட்டியதும் குழந்தையின் வலது பக்கம் உட்கார்ந்து, உதடு தெரியாமல், ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், நடுவில் இடைவெளியை மாற்றி மாற்றி விட வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை தாளத்தை வைத்தே ஊகித்துவிடும். அருகில் சொல்லிவிட்டு ரெண்டு மீட்டர் தள்ளிப் போயும் சொல்ல வேண்டும். அம்மாவைவிட ஆயா இதில் கெட்டி. எழுதப் படிக்கத் தெரியாது, காலண்டரில் தேதிக்கு மேல் கோடு போட்டுக் கொண்டுவருவார், எத்தனை சத்தத்துக்குத் திரும்பினாளோ அத்தனை கோடு.

அடுத்த வருஷம் மார்ச்சில் அந்தக் கோடு ஆறிலிருந்து நாலுக்கு வந்தது. ஷ், ஸ் ரெண்டும் தூரத்திலிருந்து போய்விட்டன, பக்கத்தில் சொன்னால் மட்டும் சந்தேகமாகத் திரும்புகிறாள். பேச்சிலும் தெரிந்தது. அதுவரை 'சோறு' என்றவள் 'ஓறு' என்றாள், 'சட்டை' 'அட்டை' ஆனது. நம் ஊரில் சொல்லின் முதலில் வருகிற சகரத்தை ஸ மாதிரிதானே சொல்கிறோம், அந்தச் சத்தம் காதுக்குப் போகாவிட்டால் வாயிலிருந்தும் உதிர்ந்துவிடும்.

இந்த இடத்தில் மேப்பில் உயர் சுருதி எலெக்ட்ரோடுகளை ஏற்றிவிடத்தான் கை பரபரக்கும். ஏற்றினால் ரெண்டு நாளைக்குச் சரியானது போல இருக்கும், காரணம் வேறாக இருந்தால் பிறகு குழந்தை சத்தம் தாங்காமல் காயிலைப் பிடுங்கி எறியும். முதலில் மின்தடை பார்த்தேன், பழைய கணக்குத்தான், கம்பியில் குறையில்லை. பழைய மேப்பே இருக்கிறது, யாரும் தொடவில்லை. அடுத்து மானிட்டர் இயர்போனை ப்ராசஸரில் செருகி, மைக் எடுக்கிற சத்தத்தை நானே கேட்டேன். போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. மைக் கவரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சளாக ஒரு பிசுக்கு. தேங்காய் எண்ணெய். ஆயா தினம் தலை வாரி வழிய வழிய எண்ணெய் வைத்த கையாலேயே ப்ராசஸரை மாட்டுகிறார், வேர்வையும் கடற்காற்றும் சேர்ந்து நுண்ணிய துளைகளை அடைத்துவிட்டன. மைக் அடைபட்டால் முதலில் போவது உயர் சுருதிதான், அதனால்தான் ஆ, ஊ, ம் எல்லாம் அப்படியே இருக்க ஷ், ஸ் மட்டும் போயின. புதுக் கவர் போட்டதும் அந்த அறையிலேயே ஸ்-க்குக் கட்டை கிண்ணத்தில் விழுந்தது. 'சோறு' முழுசாகத் திரும்பி வர இன்னும் சில வாரம் ஆனது. இப்போது எண்ணெய் ராத்திரியில், கவர் மூணு மாதத்துக்கு ஒருமுறை.

மீனா இப்போது சாதாரணப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கேள்வி வயது என்று நாங்கள் கணக்கு வைப்பது ஆன் செய்த நாளிலிருந்துதான், அந்தக் கணக்கில் அவள் தன் வகுப்புப் பிள்ளைகளைவிட மூணு வருஷம் சின்னவள், டீச்சருக்கு இதைப் புரியவைப்பது தனி வேலை. ஒரு காதில் மட்டும் கருவி இருப்பதால் யார் எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது, நாற்பது பேர் கத்துகிற வகுப்பில் பாதி போய்விடும். கருவியைக் கழற்றினால் மறுபடி ஒன்றுமே கேட்காது. இதை எந்த மேப்பும் மாற்றாது. டீச்சர் வலது பக்கம் வருகிற மாதிரி முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் பள்ளியில் கேட்க எனக்கே தயக்கம்.

இப்போதைய கவலை வேறு. ப்ராசஸரின் வாரண்டி முடியப்போகிறது. அதன் பிறகு கேபிள், காயில் எல்லாம் கைக்காசு, ஒரு காயில் போனாலே அந்த வீட்டுக்கு ஒரு மாத வரவு. தடைக்காலத்தில் வருமானம் இல்லாத நேரம் பார்த்து உடைந்தால் என்ன செய்வது என்று அப்பா போன தடவை கேட்டார். மாற்றுக் கேபிள் ஒன்றை இப்போதே, வாரண்டி இருக்கும்போதே, எழுதி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். புதிதாக மதிப்பீட்டுக்கு வருகிறவர்களிடம் இந்தச் செலவை ஸ்கேனுக்கு அனுப்பும் முன்பே சொல்லிவிடுகிறேன், பகலில் குழந்தையைப் பார்ப்பவர் யாரோ அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்கிறேன்.