காமன் ஆப் கட்டுரை: சீட்டு எனக்கா, பாட்டிக்கா?

அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான காமன் ஆப் வழியாக விண்ணப்பித்திருந்தேன், போன வாரம் முடிவு வந்தது. உதவித்தொகையோடு இடம் கிடைத்துவிட்டது, அப்பாடா. சாட் தேர்வு மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தில் கேட்கும் 650 சொல் கட்டுரையில் கதைக்கு எவ்வளவு, யோசனைக்கு எவ்வளவு என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் கதை ரேஷன் கடையில் நடக்கிறது. பீடி சுற்றிச் சுற்றி ரேகை தேய்ந்துபோன பாட்டியின் விரலைக் கருவி ஏற்கவில்லை. வரிசை முணுமுணுக்கிறது. பாட்டி முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். முதலில் எழுதியபோது இதுவே 500 சொல்லுக்குப் போனது. அதைப் படித்துப் பார்த்த ஆங்கில ஆசிரியை, "நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் பாட்டிக்குத்தான் சீட்டு கொடுப்பாங்க" என்றார்.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். அச்செடுத்து, பார்த்தது கேட்டது எல்லாம் மஞ்சள் மார்க்கரில். நான் நினைத்தது, முடிவெடுத்தது, மாற்றிக்கொண்டது பச்சையில். தாள் முழுக்க மஞ்சள். கடைசியில் ஒரே ஒரு பச்சை: 'அன்று பொறுமையின் அருமையைக் கற்றேன்.' இதை வகுப்பில் யார் கட்டுரையில் சேர்த்தாலும் பொருந்தும். அதனால் அது பச்சையே இல்லை என்று அடித்துவிட்டார்.

திருத்தியபோது வரிசையும் முணுமுணுப்பும் நாலு வரியில் முடிந்தன. முந்தானை மட்டும் தப்பியது, அடுத்த வரி அதை நம்பித்தான் இருந்தது: எனக்குக் கருவிமேல் கோபம் வரவில்லை, பாட்டியைப் பார்த்து வெட்கமாக இருந்தது. அது அன்றைய நினைப்பு. பின்னாளில் பள்ளி நூலகத்துக்கு வருகைப்பதிவுச் செயலி எழுதியபோது, பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கட்டும் என்று அடம்பிடித்தேன். நண்பர்கள் சிரித்தார்கள். ஏன் அடம்பிடித்தேன் என்று எழுதப்போனபோதுதான், வெட்கப்படவேண்டியவர் பாட்டி இல்லை, கருவியைச் செய்தவர் என்று புரிந்தது. இப்போது செய்கிறவன் நான். கட்டுரை அங்கேதான் என்னுடையதானது. கடைசியில் மஞ்சளும் பச்சையும் ஏறக்குறைய சரிபாதி.

கவனிக்க:

- பச்சையை எல்லாம் கடைசிப் பத்திக்குச் சேர்த்துவைக்காதீர்கள். காட்சி ஓடும்போதே ஒன்றாவது வரட்டும்.
- அன்று நினைத்ததும் இன்று நினைப்பதும் ஒன்றேயானால் வேறு கதை எடுங்கள்.
- ஒரு விவரத்தை நீக்கிப் பாருங்கள். பச்சை வரி ஆடாமல் நின்றால் அந்த விவரம் வேண்டாம்.

ஒன்று சொல்லவேண்டும்: எனக்குக் காட்சி சுலபமாக வரும், மனசில் உள்ளதைச் சொல்லத்தான் கை தயங்கும். நீங்கள் நேர்மாறாக, முதல் வரியிலேயே தத்துவம் பேசுகிற ஆள் என்றால், மஞ்சளைத் தேடிச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் 350 சொல் பதில்களுக்கு இந்தச் சரிபாதிக் கணக்கு ஆகாது. அங்கே கேள்விக்கு நேராகப் பதில் வேண்டும், காட்சிக்கு இரண்டு வரிக்குமேல் இடமில்லை. நான் ரேஷன் கடையை விட்டுவிட்டு, நூலக நோட்டிலிருந்தே தொடங்கினேன்.